ஒரே வட்டில் இரண்டு குடித்தனம்

அக்காவின் மடிக்கணினி 2014-இல் வாங்கியது. 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்வட்டு, விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி போட்டு எடுத்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் செயலியோ இதில் இல்லை. புதிது வாங்கிவிடலாமே என்றேன். அக்கா ஆசிரியை. வினாத்தாள் அடிக்கும் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. "அதைத் தொடாமல் வேறு ஏதாவது செய்ய முடியுமா, தம்பி?" என்று கேட்டார்.

முடியும். விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதே வட்டில் கொஞ்சம் இடம் பிரித்து லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பைக் குடியேற்றலாம். ஆனால் அது ஏன் வேகமாக ஓடும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

4 ஜிபி நினைவகத்தில் விண்டோஸ் 10, அதன் வைரஸ் தடுப்பான், ஓர் உலாவி ஆகிய மூன்றும் நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும். இடம் போதாதபோது நினைவகத்தில் இருப்பதில் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்பப் படிக்கிறது கணினி. இந்த வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தேவையான இடம் படிப்பானுக்குக் கீழே வருவதற்கு சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். படிப்பான் நகரும் நேரம் தனி. ஆக, அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் துண்டுகளை வினாடிக்கு எழுபது எண்பது முறைதான் படிக்க முடிகிறது. செயலி சும்மாதான் இருக்கிறது, வட்டுக்காகக் காத்திருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ மேசை திறந்து நிற்கும்போது சுமார் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். மீதி உலாவிக்குக் கிடைக்கிறது, வட்டுக்கு ஓடும் வேலை குறைகிறது. அவ்வளவுதான் மந்திரம். உலாவி மட்டும் எங்கே ஓடினாலும் அதே தீனியைத்தான் தின்னும். இருபது தாவல்களைத் திறந்தால் மின்ட்டும் திணறும். (வன்வட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸேகூட ஓரளவு உயிர்த்தெழும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.)

வேலையைத் தொடங்குமுன் நகல். "எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது" என்றார் அக்கா. பாதிப் பேர் வீட்டில் கேட்கும் வாக்கியம் இது. சி, டி என்பவை ஒரே வட்டில் போட்ட கோடுகள். வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். நகல் என்பது வேறொரு பெட்டியில் இருக்க வேண்டும். அக்காவுடையவை சுமார் 60 ஜிபி. வெளி வன்வட்டு ஒன்றில் நகலெடுத்தேன். சின்னச் சின்னக் கோப்புகளாக இருந்ததால் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நகலெடுத்ததும் இரண்டு பக்கமும் கோப்புறையின் பண்புகளைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். 340 கோப்புகள் குறைந்தன. பார்த்தால், ஒரு கோப்புறையில் பெயர்களுக்குப் பக்கத்தில் சிறிய மேகச் சின்னம். பெயர் மட்டும்தான் கணினியில் இருந்தது, உள்ளடக்கம் இணையச் சேமிப்பகத்தில். இணைப்பைப் போட்டு இறக்கியபிறகுதான் கணக்கு நேரானது. பிறகு அந்த வட்டை என் கணினியில் செருகி, நாலைந்து வினாத்தாள்களையும் சில படங்களையும் திறந்து பார்த்தேன். இன்னொரு கணினியில் திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தட்டச்சு மென்பொருள் வேறு சிக்கல். அதை நிறுவிய குறுந்தகடு எப்போதோ தொலைந்துவிட்டது. நிறுவிய மென்பொருளின் கோப்புறையை மட்டும் நகலெடுத்துவைத்தால் அது திரும்ப ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் ரெஸ்க்யூஸில்லா என்னும் கருவியை யூஎஸ்பியிலிருந்து இயக்கி, முழு வட்டையும் ஒரு படிமமாக வெளி வட்டில் எடுத்துவைத்தேன். இது வட்டில் நிரம்பியிருக்கும் பகுதியை மட்டும் சுருக்கி எழுதுவதால் 500 ஜிபி இடம் கேட்பதில்லை.

இனி கோடு போடுவது. வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது: எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. கிராமக் கணக்கில் புல எண்ணும் எல்லையும் எழுதிவைப்பது மாதிரி. சி டிரைவைச் சுருக்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. விட்டுக்கொடுக்கப்போகும் கடைசிப் பகுதியில் கிடக்கும் கோப்புகளை முன்னால் நகர்த்த வேண்டும். பிறகு அட்டவணையில் எல்லையைத் திருத்த வேண்டும். இதன் நடுவில் மின்சாரம் போனால்தான் ஆபத்து. பழைய கணினியில் பேட்டரி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுவது என் வழக்கம். அதன் கோப்பமைப்பை அதுதான் நன்றாக அறியும். `diskmgmt.msc` திறந்து, சி-யின் மேல் வலச்சொடுக்கி Shrink Volume கொடுத்தேன். 250 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 11 ஜிபிதான் தர முடியும் என்றது. நகர்த்த முடியாத கோப்பு ஒன்று வட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டால், அதற்கு முன்னால் எல்லையைப் போட முடியாது. நினைவகம் வழியும்போது எழுதும் கோப்பு, உறக்கநிலைக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியவைதான் வழக்கமாக இப்படி வழிமறிப்பவை. மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுதொடக்கம் செய்தபின் அதே பெட்டி 200 ஜிபிக்கு மேல் காட்டியது. 81920 என்று கொடுத்தேன், 80 ஜிபி. மின்ட்டுக்கு 20 ஜிபியே குறைந்தபட்சத் தேவை, அக்காவின் பயன்பாட்டுக்கு 80 தாராளம். பிறகு வழிந்தெழுதும் கோப்பையும் மீட்புப் புள்ளிகளையும் திரும்ப இயக்கிவிட்டேன். உறக்கநிலையை மட்டும் அணைத்தபடியே விட்டேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு அமைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கணினிகளில் நான் பார்த்த தொல்லைகளில் பாதி இந்த ஒன்றால் வருவது. விண்டோஸில் Shut down கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. நம் நிரல்களை மூடிவிட்டு, தன் உட்கருவின் நிலையை `hiberfil.sys` என்ற கோப்பில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறது. மறுநாள் அதைப் படித்து வேகமாக எழுவதற்காக. அதாவது சி டிரைவில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கின் ஒரு பகுதி அதன் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அங்கே ஒரு கோப்பை எழுதினால், விண்டோஸ் விழித்ததும் பழைய கணக்கையே நம்பி அதன்மேல் எழுதிவிடலாம். லினக்ஸுக்கு இது தெரியும். சி டிரைவைத் திறக்க முயன்றால் `Metadata kept in Windows cache, refused to mount.` என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். இந்த வரியைப் பார்த்தால் வட்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அரைத்தூக்கத்தில் இருக்கிறார் என்றுதான் பொருள். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து இதைக் கொடுத்தால் அந்தப் பழக்கம் போய்விடும்:

```
powercfg /h off
```

விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு வந்தபின் இது திரும்ப இயங்கத் தொடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. வட்டு மறையாக்கம் இயங்கும் கணினியாக இருந்தால், எதையும் தொடுமுன் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் கணினியில் அது இல்லை.

மின்ட்டின் கோப்பை இறக்கி, ரூஃபஸ் கொண்டு 8 ஜிபி யூஎஸ்பியில் எழுதினேன். அதிலிருந்து எழுந்ததும் நிறுவத் தொடங்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டிப் பார்த்தேன்: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா. இப்படி ஓட்டிப் பார்ப்பதால் வன்வட்டில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை என்பதால் பிடிக்காவிட்டால் யூஎஸ்பியை உருவிவிட்டுப் போய்விடலாம். அதே இடத்தில் Disks என்ற நிரலில் வட்டின் உடல்நிலையையும் பார்த்தேன். கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் Reallocated Sector Count என்ற வரியில் சுழியம். அது நூற்றுக்கணக்கில் இருந்து, நாளுக்கு நாள் ஏறவும் செய்தால், இந்த வேலையை விட்டுவிட்டுப் புது வட்டு வாங்குவதே சரி.

பிறகு இரண்டு கட்டளைகள்:

```
ls /sys/firmware/efi
sudo sfdisk -d /dev/sda > sda.txt
```

முதலாவது, யூஎஸ்பி யூஇஎஃப்ஐ என்னும் புதிய துவக்க முறையில் எழுந்ததா என்று காட்டும். விண்டோஸும் அதே முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஒன்று புதிய முறை, மற்றொன்று பழைய பயாஸ் முறை என்றால் இரண்டும் ஒரே வாசலில் சந்திக்கவே சந்திக்காது. இரண்டாவது, எல்லை அட்டவணையை எழுத்துக் கோப்பாக எடுக்கிறது. எல்லை மட்டும் குழம்பினால் இதை வைத்துத் திருத்தலாம். அழிந்த கோப்புகளை இது மீட்டுத் தராது. அந்தக் கோப்பை வெளி வட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். யூஎஸ்பியிலிருந்து ஓடும் மின்ட்டில் முகப்புக் கோப்புறை என்பது நினைவகத்தில்தான் இருக்கிறது. அணைத்தால் மறைந்துவிடும். நான் ஒருமுறை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

நிறுவும்போது Something else என்பதைத் தேர்ந்தேன். பட்டியலில் முதலில் 100 எம்பி கொண்ட சிறிய பார்ட்டிஷன், பிறகு சி, அதன்பின் நாம் காலிசெய்த 80 ஜிபி, கடைசியில் விண்டோஸின் மீட்புப் பகுதி. காலியிடத்தைத் தேர்ந்து `+` அழுத்தி, ext4 என்றும் இருப்பிடம் `/` என்றும் கொடுத்தேன். வேறெந்த வரியிலும் Format கட்டத்தில் குறி விழவில்லை என்று இருமுறை பார்த்தேன். முக்கியமாக அந்த 100 எம்பி. அதில்தான் விண்டோஸைத் துவக்கும் நிரல் `Microsoft` என்ற கோப்புறையில் இருக்கிறது. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது என்பதால், பக்கத்திலேயே `ubuntu` என்று ஒரு கோப்புறை போட்டுத் தன் துவக்கியை வைக்கிறது. ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. எந்தக் கோப்புறைக்கு முதலில் போவது என்ற வரிசை வட்டில் இல்லை. தாய்ப்பலகையில் உள்ள சிப்பில் இருக்கிறது.

அதனால்தான் நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்ததும் கணினி எதுவுமே நடக்காதது போல நேராக விண்டோஸுக்குப் போனது. மின்ட் போகவில்லை, வரிசையில் இரண்டாவதாக நின்றது. கணினியின் அமைப்புத் திரையில் Boot Order-க்குப் போய் `ubuntu`-வை மேலே ஏற்றியதும் தேர்வுப் பட்டியல் வந்தது. மேலே மின்ட், கீழே விண்டோஸ். இரண்டிலும் ஒருமுறை போய்வந்து, தட்டச்சு மென்பொருளைத் திறந்து ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு. "விண்டோஸில் மணி நாலரை காட்டுகிறது." தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இரண்டுக்கும் நம் ஊரில் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். மின்ட்டுக்குள் போய் இந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னேன்:

```
timedatectl set-local-rtc 1
```

தொலைபேசியிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இடைக்கோடு எங்கே வரும் என்று மூன்று முறை கேட்டார்.