நேர்க்கோட்டில் என்ன நடக்கிறது? ஒரு நார்மல் ஈசிஜியை அலை அலையாகப் படித்துப் பார்ப்போம்

"டாக்டர், இந்த ஒரு கட்டத்துல மட்டும் எல்லாமே தலைகீழா இருக்கே, பாத்தீங்களா?"

வழக்கமான உடல் பரிசோதனைக்கு எடுத்த ஈசிஜி தாளை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு கேட்டார் அந்த நாற்பத்திரண்டு வயதுக்காரர். தாளின் மேல்மூலையில் இயந்திரமே 'நார்மல்' என்று அச்சிட்டிருந்தது. அவர் விரல் நின்ற இடம் ஏவிஆர் என்ற லீட். லீட் என்றால் இதயத்தை ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து பார்க்கும் பதிவு. அங்கே ஒரு துடிப்பின் பி, க்யூஆர்எஸ், டி என்ற அலைகள் மூன்றும் கீழ்நோக்கி இருந்தன. மூன்று நாளாகத் தூங்கவில்லையாம்.

ஒரே வரியில் "அது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். லீட் 2 ஓடும் நீளமான வரியைக் காட்டி அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் தாள். பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டம் என்றால் 0.04 விநாடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. உயரத்தில் பத்து சின்னக் கட்டம் ஒரு மில்லிவோல்ட். தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் இந்த விநாடிக் கணக்கு பொருந்தும். அந்த வேகம் தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். இவருடைய தாளில் ஆர் என்ற உயர்ந்த கூர்முனை ஒன்றுக்கும் அடுத்த ஆர் முனைக்கும் நடுவே நான்கு பெரிய கட்டங்கள். ஒரு நிமிடத்துக்கு முந்நூறு பெரிய கட்டம், அதை நான்கால் வகுத்தால் 75. நிமிடத்துக்கு 75 துடிப்பு. இடைவெளி மூச்சுக்கு ஏற்ப லேசாகக் கூடிக் குறைந்தது. இளவயதில் இது சகஜம். 'சைனஸ் அரித்மியா' என்று இயந்திரம் அச்சிட்டதைப் பார்த்து, பெயருக்காகவே பயந்து வருகிறவர்களும் உண்டு.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈசிஜி இதயத்தின் மின்சாரத்தை அப்படியே காட்டுவதில்லை. இதயத்தின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் மின்நிலையில் வித்தியாசம் இருக்கும்போது மட்டும்தான் கோடு அசையும். இதயத் தசையில் பரவும் மின்தூண்டல் அலை ஒரு லீடின் நேர்முனையை நோக்கி வந்தால் கோடு ஏறும், விலகிப் போனால் இறங்கும். வித்தியாசம் இல்லையென்றால், உள்ளே எவ்வளவு வேலை நடந்தாலும் கோடு நேராகத்தான் போகும்.

இனி ஒரு துடிப்பை எடுத்துக்கொள்வோம். வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் நோடுதான் ஆரம்பம். அது தூண்டலை எழுப்பும் கணம் தாளில் தெரியாது. அவ்வளவு சின்னத் திசு. தூண்டல் மேலறைத் தசையில் பரவத் தொடங்கிய பிறகே பி அலை எழுகிறது. அதன் முன்பாதி வலது மேலறைக்கும் பின்பாதி இடது மேலறைக்கும் உரியது. இவருக்கு அது இரண்டரைக் கட்ட அகலம், அதாவது 0.10 விநாடி, உயரம் ஒன்றரைக் கட்டம். மூன்று கட்ட அகலத்துக்கும் இரண்டரைக் கட்ட உயரத்துக்கும் உள்ளே அடங்கியிருந்தால் போதும். மேலறையில் அலை மேலிருந்து கீழே, சற்று இடப்பக்கமாகப் போகிறது. லீட் 2-வின் நேர்முனையும் அந்தப் பக்கம்தான். அதனால் பி அலை அங்கே நிமிர்ந்து நிற்கும். லீட் 2-இல் பி கவிழ்ந்திருந்தால், துடிப்பு சைனஸ் நோடிலிருந்துதான் கிளம்பியதா என்றும், வயர்கள் சரியாகத்தான் மாட்டப்பட்டனவா என்றும் நான் சந்தேகப்படுவேன்.

பி முடிந்ததும் கோடு கொஞ்ச தூரம் நேராகப் போகிறது. படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது, எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த இடம். தூண்டல் இப்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி நோடுக்குள் இருக்கிறது. உண்மையில் பி அலை முடிவதற்கு முன்பே அது உள்ளே நுழைந்துவிட்டது. தூண்டலைக் கீழறை முழுவதும் பரப்பும் பர்கின்ஜி இழைகளில் விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடப்போகும் அதே தூண்டல், இங்கே விநாடிக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. இந்தத் தாமதம் காரணத்தோடுதான். மேலறைகள் சுருங்கித் தம்மிடம் மிச்சமிருக்கும் ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளி முடிக்க நேரம் வேண்டாமா? அதன்பின் தூண்டல் ஹிஸ் கற்றை வழியாக இறங்கி இழைகளுக்குள் பாய்கிறது. இவ்வளவும் தாளில் வெறும் நேர்க்கோடு. கடந்து போகும் திசு அவ்வளவு மெலிது, மார்பின் மேல் ஒட்டிய மின்முனைக்கு அது எட்டுவதில்லை.

அதனால்தான் பிஆர் இடைவெளியை பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூஆர்எஸ்ஸின் தொடக்கம் வரை அளக்கிறோம். மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம், அதாவது 0.12 முதல் 0.20 விநாடி. இவருக்கு நான்கு கட்டம். ஐந்தைத் தாண்டினால் ஏவி நோடில் தூண்டல் தயங்குகிறது என்று பொருள். மூன்றுக்குக் குறைந்தால், ஏவி நோடைச் சுற்றிப் போகும் குறுக்குவழி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது க்யூஆர்எஸ். இடது கீழறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே இருக்கும் சுவர்தான் முதலில் தூண்டப்படுகிறது, அதுவும் இடமிருந்து வலமாக. அதனால் இடப்பக்கத்திலிருந்து பார்க்கும் லீட் 1, வி6 ஆகியவற்றில் தொடக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். வலப்பக்கம் இருக்கும் வி1-இல் அதே நொடியில் ஒரு சின்ன மேடு எழும். அந்தச் சின்னப் பள்ளமே க்யூ அலை. 'க்யூ அலை இருந்தால் பழைய மாரடைப்பு' என்று எங்கோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ஒரு சின்னக் கட்டத்துக்கும் குறைவான அகலத்தில், ஆழமில்லாமல் இந்த லீட்களில் தெரியும் க்யூ, சுவர் சரியாக வேலை செய்வதன் அடையாளம். பிறகு கீழறைகளின் பெருந்தசை தூண்டப்படுகிறது. இடது கீழறைச் சுவர் தடிமனானது, அதனால் மொத்த இழுப்பும் இடப்பக்கமாகவே நிற்கிறது. அதுதான் உயர்ந்த ஆர். கடைசியாகக் கீழறையின் மேற்பகுதி தூண்டப்படுவது எஸ்.

இவ்வளவு பெரிய தசை முழுவதும் தூண்டப்பட எடுத்துக்கொண்ட நேரம் இரண்டே கட்டம், 0.08 விநாடி. பர்கின்ஜி இழைகள் எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால்தான் இந்த வேகம். ஏதாவது ஒரு கிளை அடைபட்டால் தூண்டல் தசை வழியாகவே ஊர்ந்து போக வேண்டியிருக்கும், க்யூஆர்எஸ் மூன்று கட்டத்துக்கு மேல் அகன்றுவிடும். மேலறைகள் பழைய நிலைக்குத் திரும்புவது எங்கே தெரிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். அதுவும் ஏறக்குறைய இந்த நேரத்தில்தான் நடக்கிறது. சின்ன அலை, பெரியதன் அடியில் மறைந்துபோகிறது.

பிறகு மறுபடியும் ஒரு நேர்க்கோடு. எஸ் முடிந்து டி தொடங்கும் வரை உள்ள எஸ்டி. இது ஓய்வு என்று நினைத்தால் தவறு. கீழறைச் செல்கள் எல்லாம் இப்போது தூண்டப்பட்ட நிலையில், ஏறத்தாழ ஒரே மின்நிலையில் நிற்கின்றன. கால்சியம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, பொட்டாசியம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, தசை முழுமூச்சாகச் சுருங்குகிறது, ரத்தம் வெளியேறுகிறது. ஆனால் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே வித்தியாசம் இல்லை. எனவே கோடு அசையவில்லை. ரத்தம் கிடைக்காத ஒரு பகுதி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசம் உடனே கோட்டைத் தூக்கும் அல்லது இறக்கும். மாரடைப்பில் எஸ்டி உயர்வதைத் தேடுவதன் காரணம் இதுதான்.

டி அலை கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்பும் அலை. தூண்டப்படுவதற்கு நேரெதிரான காரியம் என்றால் கோடு கீழே போக வேண்டும் அல்லவா? ஆனால் லீட் 2-இல் அது ஆர் போலவே நிமிர்ந்து நிற்கிறது. தூண்டல் உட்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குப் போகிறது, மீட்சியோ வெளிச்சுவரில் முதலில் தொடங்குகிறது. கடைசியாக வந்து முதலில் கிளம்பிப் போகும் விருந்தாளி மாதிரி வெளிச்சுவர்ச் செல்கள். மின்னேற்றமும் எதிர், திசையும் எதிர். மைனஸும் மைனஸும் சேர்ந்து ப்ளஸ். மீட்சிக்குப் பர்கின்ஜி போல விரைவுப் பாதை கிடையாது, ஒவ்வொரு செல்லும் தன் நேரத்துக்குத் திரும்புகிறது. டி அலை அகலமாக, மெதுவாக ஏறிச் சற்று வேகமாக இறங்குவதைப் பார்த்தால் இது புரியும்.

க்யூவின் தொடக்கத்திலிருந்து டியின் முடிவு வரை இவருக்கு ஒன்பது கட்டம், 0.36 விநாடி. இந்தத் துடிப்பு வேகத்தில் க்யூடி, இரண்டு ஆர்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதிக்குள் இருந்தால் பெரும்பாலும் சரி. இங்கே பாதி என்பது பத்து கட்டம்.

இப்போது அவருடைய ஏவிஆர். அதன் நேர்முனை வலது தோள் பக்கம். மேலறையின் அலை, கீழறையின் பெரும் அலை இரண்டும் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு இடப்பக்கம் கீழே போகின்றன. டியும் அப்படியே. எல்லாம் கவிழ்ந்திருப்பதுதான் அந்த லீடுக்கு முறை. ஏவிஆர் நிமிர்ந்திருந்தால்தான் நான் யோசிப்பேன்.

பயிற்சிக் காலத்தில் அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு, மூத்த மருத்துவரிடம் "இதயம் வலப்பக்கம் இருக்கு சார்" என்று பெருமையாகச் சொன்னேன். லீட் 1-இல் பி முதல் டி வரை எல்லாம் கவிழ்ந்திருந்தது, ஏவிஆர் நிமிர்ந்திருந்தது. அவர் வி6-ஐத் தொட்டுக் காட்டினார். அங்கே ஆர் அழகாக உயர்ந்து நின்றது. இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் வி6-இல் ஆர் சிறுத்துப் போயிருக்கும். நான் வலது கை வயரையும் இடது கை வயரையும் மாற்றி மாட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் வந்தவர் சிரித்துவிட்டார். தாளை மடித்துக்கொண்டே, "அப்ப மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்குதே, அது வாயுதானா டாக்டர்?" என்றார்.

தாளை மறுபடியும் விரிக்கச் சொன்னேன். அது பத்து விநாடிப் பதிவு, அவர் அசையாமல் படுத்திருந்த பத்து விநாடி. ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும், படுத்திருக்கும் இதயத்துக்கு வேண்டிய ரத்தம் அதன் வழியே வந்துவிடக்கூடும். அப்போது எல்லாச் செல்லும் ஒத்துப்போகும், எஸ்டி நேராகவே இருக்கும். தேவை கூடும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். எத்தனை நாளாக, எத்தனை படி ஏறினால், நின்றதும் விடுகிறதா என்று கேட்டேன். இரண்டு மாதமாக, இரண்டாவது மாடிக்குள், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும் என்றார். உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, நின்றும் விடாவிட்டாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டு, இதய நிபுணருக்குக் கடிதம் எழுதினேன். இயந்திரம் அச்சிட்ட 'நார்மல்' என்ற சொல்லுக்குக் கீழே 'ஓய்வில்' என்று பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.