ஸ்கிரீன்ஷாட்டை வெட்டியாயிற்று, விவரம் போய்விட்டதா?

சிறு கடைக்காரர்களுக்கும் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களுக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாப்பது பற்றிச் சொல்லித் தருவது என் வேலை. "மேலே இருந்த பெயரை வெட்டிவிட்டேன் சார், இனி யாரென்று தெரியாது" என்று யாராவது ஒருவர் சொல்லாத வகுப்பு அபூர்வம். வெட்டுவதால் படத்தின் ஓரம்தான் மாறுகிறது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரமோ பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதில்லை.

வீட்டில் கேக் செய்து விற்கும் ஒருவர், வாடிக்கையாளர் பாராட்டி எழுதியதைத் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். உச்சியில் இருந்த பெயரையும் முகப்புப் படத்தையும் ஒழுங்காக வெட்டியிருந்தார். மீதிப் படத்தை நிதானமாகப் பார்த்தோம். வாடிக்கையாளரின் செய்தி ஒன்றை மேற்கோளாக இழுத்து இவர் பதில் போட்டிருந்தார். அந்த மேற்கோள் பெட்டியின் தலையில், இவர் தம் போனில் சேமித்து வைத்திருந்த பெயர் அப்படியே நின்றது. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பெயரோடு குடியிருப்பின் பெயரையும் சேர்த்துச் சேமிப்போம். அவரும் அப்படித்தான் செய்திருந்தார். அதற்குக் கீழே, கேக்கின் மேல் எழுத வேண்டிய வரி: குழந்தையின் பெயரும் வயதும். அதற்கும் கீழே பணம் அனுப்பியதற்கான ரசீதுப் படம். அதில் முழுப்பெயரும் யுபிஐ முகவரியும் இருந்தன. பல யுபிஐ முகவரிகளில் முன்பாதி கைபேசி எண்ணேதான். ஆக, எந்தக் குடியிருப்பில் எந்தக் குழந்தைக்கு எத்தனை வயது, வாடிக்கையாளரின் எண் என்ன என்பது வரை எல்லாம் ஒரே படத்தில் கிடைத்தது. வெட்டிப் போனது பெயர் தென்பட்ட இடங்களில் ஒன்று மட்டுமே.

குழு உரையாடல் என்றால் இன்னும் மோசம். நாம் எண்ணைச் சேமித்து வைக்காத ஒருவர் பேசினால், அவருடைய செய்திகளுக்கு மேல் அவருடைய எண்ணோ அவரே வைத்துக்கொண்ட பெயரோ வந்து நிற்கும். யாரையாவது @ போட்டு அழைத்திருந்தால் அந்தப் பெயர் வாக்கியத்தின் நடுவிலேயே இருக்கும். இவற்றை ஓரத்திலிருந்து வெட்டி எடுக்க வழியே இல்லை. மறைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, மறைக்க வேண்டியது ஓரத்திலேயே இருந்தது, வெட்டியும் ஆயிற்று. இப்போது அது கோப்பை விட்டுப் போய்விட்டதா? வெட்டிய கருவியைப் பொறுத்தது. ஐபோனின் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை வெட்டிச் சேமித்த பிறகும் Revert என்ற தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் முழுப்படமும் திரும்பிவிடும். செயலி மூலப்படத்தை வைத்துக்கொண்டு, "இவ்வளவு மட்டும் காட்டு" என்ற குறிப்பைத்தான் சேர்த்திருக்கிறது. வழக்கமாகப் பகிரும்போது வெட்டிய வடிவம் மட்டும்தான் போகும். ஆனால் ஏர்டிராப்பில் அனுப்பும்போது All Photos Data என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், மூலப்படமும் திருத்த வரலாறும் எதிராளிக்குச் சேர்ந்தே போகும்.

அலுவலகங்களில் நான் அதிகம் பார்ப்பது வேர்டு கோப்பைத்தான். புகார்க் கடிதத்திலோ அறிக்கையிலோ உரையாடல் படத்தை ஒட்டி, அங்கேயே வெட்டிவிட்டு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கோப்பைப் பெற்றவர் படத்தின் மேல் சொடுக்கி Crop என்பதை அழுத்தினால், வெட்டிய பகுதி மங்கலாக எட்டிப் பார்க்கும். அந்தக் கோப்பின் .docx என்ற வாலை .zip என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே word/media என்ற அடைவில் முழுப்படமும் கிடக்கும். Picture Format பட்டையில் Compress Pictures போய், Delete cropped areas of pictures என்பதைத் தேர்ந்து, கோப்பைச் சேமித்தால்தான் அது உண்மையில் நீங்கும். வேர்டுக்கு வருவதற்கு முன்பே வெட்டிவிடுவது இதைவிடச் சுலபம்.

வெட்டியதாக நம்பியது வெட்டப்படாமலே இருந்ததற்குப் பெரிய சான்று, 2023 மார்ச்சில் வெளிவந்த ஏக்ராபலிப்ஸ் என்ற பிழை. சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் அதை வெளிப்படுத்தினார்கள். கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், சிறிய புதுப்படம் பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டது. கோப்பின் நீளமோ குறைக்கப்படவில்லை. பழைய கோப்பு பத்து லட்சம் பைட், புதியது மூன்று லட்சம் பைட் என்று வைத்துக்கொண்டால், பின்னால் ஏழு லட்சம் பைட் பழைய படமே ஒட்டிக்கொண்டிருக்கும். படம் காட்டும் செயலிகள் புதுப்படம் முடிந்த இடத்தில் நின்றுவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. அந்த வாலிலிருந்து பழைய படத்தின் கீழ்ப்பகுதியை மீட்டுவிட முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே வகைப் பிழை இருந்தது. இரண்டையும் அந்த மாதமே சரிசெய்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தை மறுபடி சுருக்கி எழுதிவிடும். வால் தானாகவே அறுந்துபோகும். தெளிவு குறையக் கூடாது என்று அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், வாலோடு.

மறைப்பதற்கு வருவோம். மறைப்பது என்றால் அந்த இடத்தில் இருந்த எழுத்தின் புள்ளிகளை அழித்து, அவற்றோடு சம்பந்தமில்லாத ஒன்றை வைப்பது. ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கி நாலு தடவை தேய்ப்பது இதில் சேராது. அது ஓரளவு ஊடுருவித் தெரியும் மை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், படத்தின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினால் எண் மேலே வந்துவிடும். மங்கலாக்குவதையும் கட்டம் கட்டமாக்குவதையும் நான் எண்களுக்குப் பரிந்துரைப்பதே இல்லை. ஓர் இடத்தில் வரக்கூடியவை பத்தே இலக்கங்கள், எழுத்துருவும் தெரிந்ததே. ஒவ்வொன்றையும் அதே அளவுக்கு மங்கலாக்கி ஒப்பிட்டால் எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கிறது. கியூஆர் குறியீட்டின் நடுவே ஒரு கோடு இழுப்பதும் வீண். சிதைந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காகவே அதில் பிழைதிருத்தம் வைத்திருக்கிறார்கள்.

கேக் கடைக்காரரோடு உட்கார்ந்து செய்தது இது. மேற்கோள் பெட்டி, குழந்தையின் பெயர் இருந்த வரி, ரசீது மூன்றின் மேலும் ஒளிபுகாத நிறம் நிரப்பிய செவ்வகங்களை வைத்தோம். பெயரின் நீளம்கூடத் தெரியாதபடி வரி முழுவதையும் மூடினோம். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூடிய படத்தைத் திரை முழுக்க விரித்து, அதையே புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். திரையில் தெரிவது மட்டும்தான் புதுக் கோப்பில் இருக்கும். பழைய படமும் திருத்த வரலாறும் அதற்குள் வர முடியாது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து வேறு யாருடைய செய்தியாவது அறிவிப்பாக இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். (இறங்கியிருந்தது. மறுபடி எடுத்தோம்.)

கடைசியில் அவர் அதையும் போடவில்லை. இத்தனை கறுப்புப் பெட்டிகளோடு பார்த்தால் காவல் நிலையக் கோப்பு மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டு, பாராட்டு வரியை மட்டும் தட்டச்சு செய்து, வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டு வெளியிட்டார். பாராட்டைக் காட்ட அதுவே போதும். புகார் கொடுக்கிறீர்கள், உரையாடல் ஆதாரமாக வேண்டும் என்றால் கதை வேறு: மூலப்படத்தைத் தொடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் காட்ட மட்டும் மூடிய நகலைத் தாருங்கள்.

பிக்சல் போன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2023 மார்ச்சுக்கு முன் அந்தக் கருவியில் வெட்டி எங்காவது ஏற்றிய படங்களை அதற்குப் பின் வந்த மென்பொருள் மேம்பாடு தொடாது. பழைய கோப்பு பழையபடியே இருக்கும். படங்களைச் சுருக்காமல் வைத்திருக்கும் தளங்களில் போட்டவற்றைத் தேடி நீக்கிவிடுங்கள்.