சுவரில் ஒட்டிய சீட்டிலிருந்து பொறுப்பாளரின் பெயர் வரை

இயக்குநர் குழுக்களின் வியூகக் கூட்டங்களை வழிநடத்துவது என் தொழில். ஒரு நாளோ இரண்டு நாளோ அலுவலகத்தை விட்டு வெளியே உட்கார்ந்து, அடுத்த சில ஆண்டுகளுக்கான பாதையைப் பேசும் கூட்டம் அது. பேச்சு பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். சுவர் முழுக்கச் சீட்டுகள் ஒட்டுவார்கள், யாரோ அதைப் படம் எடுப்பார்கள், எல்லோரும் நிறைவோடு கிளம்புவார்கள். மூன்று மாதம் கழித்து அதே குழுவிடம் "என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். யோசனைகள் குறைந்துபோனதால் இப்படி ஆவதில்லை. சீட்டுகளைத் தலைப்புகளாகத் திரட்டும் அந்த அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலான இழப்பு நடக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தையும் அதற்குப் பிந்தைய வேலையையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொழிற்பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தின் கூட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இயக்குநர்கள் 9 பேர், அவர்களோடு நிர்வாக இயக்குநரும் மூன்று துறைத் தலைவர்களும். ஆக 13 பேர். கேள்வி ஒன்றுதான்: அடுத்த மூன்று ஆண்டுகளில் நாம் எதைத் தொடங்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும்?

முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. சீட்டுக்கு ஒரு யோசனை என்று அவரவர் தனியாக எழுதினார்கள். இது என் விருப்பத்துக்காக வைத்த விதி இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் செய்த ஆய்விலேயே, சேர்ந்து பேசி யோசித்த குழுக்களைவிட, தனித்தனியாக யோசித்த அதே எண்ணிக்கையினரின் யோசனைகளைத் திரட்டியபோது அதிகம் கிடைத்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் யோசனையை நிறுத்திவைக்க வேண்டியிருப்பது ஒரு காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. இயக்குநர் குழுவில் இன்னொரு காரணமும் உண்டு. தலைவர் முதலில் வாய் திறந்தால், அதற்குப் பிறகு வரும் யோசனைகள் எல்லாம் அவர் சொன்னதைச் சுற்றியே வரும்.

62 சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதி, எதையும் நகர்த்துவதற்கு முன்பே சுவரைப் படம் எடுத்தோம். இந்த எண் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் "நான் எழுதினது எங்கே போச்சு?" என்று ஓர் இயக்குநர் பிறகு கேட்டால், "உங்கள் 37-ஆம் சீட்டு இந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது" என்று காட்ட முடிய வேண்டும். அது முடியாத பதிவை யாரும் நம்புவதில்லை. பதிவு எழுதுபவரும் கூட்டத்தை நடத்துபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டியதும் இதற்காகத்தான். நடத்துபவர் எழுதினால், தனக்குப் பிடித்தது அழுத்தமாகவும் மற்றது மங்கலாகவும் பதிவாகும்.

அப்புறம் சீட்டுகளைக் குவியல்களாகச் சேர்த்தோம். இந்த முறையை 1960-களில் உருவாக்கியவர் ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடா. களத்தில் சேகரித்த சிதறலான குறிப்புகளை ஒழுங்குபடுத்த அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அவர் வற்புறுத்திய ஒன்றைத்தான் இன்று பலரும் விட்டுவிடுகிறார்கள். குவியல் முதலில் உருவாக வேண்டும், பெயர் பிறகுதான் வர வேண்டும். அந்தப் பெயரும் உள்ளே இருக்கும் சீட்டுகளின் சாரத்தைச் சொல்வதாக இருக்க வேண்டும். நாம் செய்வது நேர் எதிர். நிதி, ஆட்கள், தொழில்நுட்பம் என்று பெட்டிகளை முதலில் வரைந்துவிட்டு, சீட்டுகளை அதற்குள் போடுகிறோம்.

எங்கள் கூட்டத்திலும் ஒரு குவியலுக்கு யாரோ "டிஜிட்டல்" என்று பெயர் எழுதிவிட்டார்கள். உள்ளே 11 சீட்டுகள். அப்படியே விட்டிருந்தால் வாக்கெடுப்பில் அது முதலிடம் பிடித்திருக்கும். டிஜிட்டல் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். ஐந்து சீட்டுகள், பாடத்தின் ஏட்டுப் பகுதியை இணையத்தில் நடத்தலாம் என்றன. மூன்று, விண்ணப்பத்தை மொபைலிலேயே நிரப்ப வழி வேண்டும் என்றன. இரண்டு, கணக்கு மென்பொருளை மாற்றச் சொன்னன. மீதி ஒன்றில் எழுதியிருந்தது இது: "இணைய வகுப்பே வேண்டாம், பட்டறைதான் நம் பலம்." ஒரே தலைப்புக்குக் கீழ் நான்கு விஷயங்கள் இருந்தன, அதில் இரண்டு நேருக்கு நேர் மோதின.

ஒரு தலைப்பு சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. அறிவும் அக்கறையும் உள்ள ஒருவர் அதை மறுக்க முடியுமா? முடியாது என்றால் அந்தத் தலைப்பு எதையும் சொல்லவில்லை. "டிஜிட்டல்" என்பதை யாரும் மறுக்க முடியாது. "ஏட்டுப் பாடங்களை இணையத்துக்கு மாற்றி, வகுப்பறை நேரம் முழுவதையும் பட்டறைக்குக் கொடுப்போம்" என்பதை மறுக்க முடியும். அந்த வாக்கியத்தை எழுதியதும் அறையில் உண்மையான பேச்சு தொடங்கியது. பட்டறைதான் பலம் என்று எழுதியவருக்கும் அதில் ஒரு பகுதி உடன்பாடாக இருந்தது. மாணவர்களின் இணைய வசதி பற்றிய அவரது தயக்கம் தலைப்புக்குக் கீழேயே பதிவானது. மொபைல் விண்ணப்பச் சீட்டுகள் மூன்றும் மாணவர் சேர்க்கைக் குவியலுக்குப் போயின. கணக்கு மென்பொருள் இயக்குநர் குழு முடிவு செய்ய வேண்டிய விஷயமே இல்லை. அது நிர்வாக இயக்குநரின் வேலைப் பட்டியலுக்குப் போனது. தூக்கி எறியாமல் அங்கே போனதாகவும் குறித்துக்கொண்டோம்.

இப்படிப் பிரித்து எழுதியதில் எட்டுத் தலைப்புகள் நின்றன, எல்லாமே முழு வாக்கியங்கள். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிகழ்ச்சி நிரலில் இதற்கு இருபது நிமிடம் ஒதுக்கும் குழுக்களிடம் நான் முன்கூட்டியே சண்டை போடுகிறேன்.

வாக்கெடுப்பு சுலபம்தான். தலைப்புகளின் எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளை ஆளுக்குக் கொடுப்பது வழக்கம். எட்டுத் தலைப்புக்கு மூன்று வாக்கு. இயக்குநர்கள் மட்டுமே வாக்களிப்பது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். முதலில் காகிதத்தில் எழுதி, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போய் புள்ளி வைத்தார்கள். அடுத்தவர் புள்ளியைப் பார்த்துத் தன் புள்ளியை வைப்பது இதனால் குறையும். 27 வாக்குகள் விழுந்த விதம்: 7, 6, 5, 4, 3, 1, 1, 0.

இங்கேதான் அடுத்த சறுக்கல் நடக்கும். முதல் மூன்றை எடுத்துக்கொண்டு, "சரி, முன்னுரிமை முடிந்தது" என்று தேநீருக்குப் போய்விடுவார்கள். 5-க்கும் 4-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு புள்ளி. அதை வைத்து ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவதில் நியாயம் இல்லை. அதைவிட முக்கியம், எது தங்களை ஈர்க்கிறது என்பதைத்தான் புள்ளிகள் காட்டுகின்றன. எது அவசரம் என்பதை அவை காட்டுவதில்லை. அதனால் வாக்கு முடிந்ததும் கடைசியில் நிற்கும் தலைப்புகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பேன்: "இதைத் தொடவே இல்லை என்றால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் எது நின்றுபோகும்?"

அன்று ஒரே ஒரு வாக்கு வாங்கிய தலைப்பு, மூத்த பயிற்றுநர்கள் ஓய்வு பெறுவதற்குள் அவர்கள் இடத்துக்கு ஆள் தயார் செய்வது பற்றியது. அந்த வாக்கைப் போட்ட இயக்குநர் சொன்னார்: மூத்த பயிற்றுநர்கள் ஐவரில் மூவர் இரண்டு ஆண்டுகளில் போகிறார்கள். பயிற்சித் துறைத் தலைவர் அதை உறுதி செய்தார். ஏழு வாக்கு வாங்கிய புதிய பாடப்பிரிவுகளை நடத்த வேண்டியவர்களும் அந்த மூவர்தான். அறையில் இருந்த பலருக்கு இது தெரியாது. பயிற்றுநர் விஷயம் முதல் முன்னுரிமையானது. புதிய பாடப்பிரிவுகள் அதற்கு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. எப்படி மாறியது, ஏன் மாறியது என்று மூன்று வரி பதிவில் சேர்த்தோம். வாக்கு எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்திருந்தால், பிறகு படிப்பவருக்கு இந்த முடிவு ஏதோ தில்லுமுல்லு போலத் தெரிந்திருக்கும்.

கடைசியில் நான்கு முன்னுரிமைகள். நான்குக்கும் பொறுப்பு யார் என்று கேட்டவுடன் எல்லோரும் நிர்வாக இயக்குநரைப் பார்த்தார்கள். எந்தக் குழுவிலும் இதுதான் நடக்கும். எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்று எழுதினால் அது ஒதுக்கீடே இல்லை, அவர் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர்தான். "குழு" என்றோ "மேலாண்மை" என்றோ எழுதுவதும் வீண். ஒரு முன்னுரிமைக்கு ஒரு பெயர். அந்த ஆள் அறையில் இருந்து, தன் வாயால் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வராதவர் தலையில் பொறுப்பைக் கட்டினால், முதல் மாதத்திலேயே "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்ற பதில்தான் வரும்.

பயிற்றுநர் விஷயத்தைப் பயிற்சித் துறைத் தலைவர் எடுத்துக்கொண்டார். ஓர் இயக்குநர் அவருக்குத் துணை. துணை என்றால், தடை வரும்போது குழுவிடம் பேசி வழி திறந்துவிடுபவர், அவ்வளவுதான். அவரே வேலையில் இறங்கினால் துறைத் தலைவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற குழப்பம் வரும். முதல் அடியாக, இரண்டு வாரத்துக்குள் எந்தத் திறன் யாரிடம் மட்டும் இருக்கிறது என்ற பட்டியல். அடுத்ததாக, காலாண்டுக் கூட்டத்துக்கு ஒரு பக்க முன்மொழிவு. முதல் அடி இரண்டு வாரத்துக்குள் முடியக்கூடியதாக இல்லையென்றால், பொறுப்பாளருக்கே வேலை இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். அதை அந்த அறையிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. வியூகக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியது சட்டப்படி இயக்குநர் குழுவின் தீர்மானம் ஆகிவிடாது. முறையான அறிவிப்பு, குறைந்தபட்ச வருகை, நிகழ்ச்சி நிரல் என்று நிறுவனத்தின் விதிகளும் சட்டமும் கேட்பவை அங்கே பெரும்பாலும் இருக்காது. எனவே பதிவின் தலைப்பில் "பேச்சின் சுருக்கம், தீர்மானம் அல்ல" என்று தெளிவாக எழுதுகிறோம். நிதியோ, ஆள் நியமனமோ, கொள்கை மாற்றமோ தேவைப்படும் முன்னுரிமைகள் அடுத்த முறையான கூட்டத்தின் நிரலில் தனித்தனிப் பொருளாக வரும். அங்கே நிறைவேறிய பிறகுதான் அவை பொறுப்பாளருக்கு அதிகாரம் தரும்.

பதிவு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு நாளைக்குள் எல்லோருக்கும் போய்விட வேண்டும். மூன்று வாரம் கழித்து வந்தால், ஒவ்வொருவரும் தன் நினைவில் இருக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள். நான்கு முன்னுரிமை வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம், பெயர், முதல் அடி, தேதி, மாறுபட்ட கருத்து. தேர்வாகாத நான்கு தலைப்புகளும் அதே தாளில், "இப்போதைக்கு இல்லை" என்ற வரியின் கீழ். 62 சீட்டுகளும் எண் வரிசையில் பின்னிணைப்பாக. திருத்தம் சொல்ல ஒரு வாரம்.

அடுத்த காலாண்டுக் கூட்டங்களில் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசினார்கள். ஒரு பொருள் தொடர்ந்து இரண்டு கூட்டங்களில் "இன்னும் தொடங்கவில்லை" என்று வந்தால், பொறுப்பாளரை மாற்றுவதா அல்லது அந்த முன்னுரிமையையே கைவிடுவதா என்று குழு அங்கேயே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட விதி. நான்காவது முன்னுரிமையான புதிய கிளை அப்படித்தான் இரண்டாம் காலாண்டில் கைவிடப்பட்டது. அதற்காக ஒதுக்கியிருந்த ஊழியர் நேரம் பயிற்றுநர் தயாரிப்புக்கு மாற்றப்பட்டது என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்.