பிலிருபின் 14, டி.எஸ்.எச். 30: எத்தனையாவது மணியில் எடுத்தது?

ரிப்போர்ட்டில் பிலிருபின் 14 என்று இருந்தால் அது அதிகமா? குழந்தை பிறந்து எத்தனை மணி நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் எந்த மருத்துவரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டார்.

பச்சிளங்குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. அவை உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைக் கரையும் பொருளாக்கி மலத்தில் அனுப்ப வேண்டிய கல்லீரல் நொதி முழு வேகத்துக்கு வரச் சில நாட்கள் ஆகும். அதனால் நிறைமாதக் குழந்தைக்கும் 3 முதல் 5 நாளுக்குள் மஞ்சள் ஏறி, பிறகு இறங்கும்.

38 வாரம் முடிந்து பிறந்த குழந்தைக்கு, பிரிட்டனின் நைஸ் வழிகாட்டிப்படி மஞ்சளை இறக்க நீல விளக்கில் வைக்கும் எல்லை 24 மணியில் டெசிலிட்டருக்குச் சுமார் 11.7 மில்லிகிராம், 48 மணியில் 14.6, 72 மணியில் 17.5. அந்த 14, ஒரு நாள் குழந்தைக்கு உடனே விளக்கு. மூன்று நாள் குழந்தைக்கு விளக்கு வேண்டாம், கண்காணித்தால் போதும். குறைமாதக் குழந்தைக்கு எல்லைகள் இன்னும் கீழே. முதல் 24 மணிக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். மாநிறத் தோலில் கண்ணால் அளவு சொல்வது நம்பத்தக்கதல்ல. காலை வெயிலில் காட்டுவது விளக்குக்கு ஈடாகாது. சர்க்கரைத் தண்ணீரும் பலன் தராது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுத்தால் மலம் நன்றாகப் போகும், பிலிருபினும் அதோடு வெளியேறும். குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சென்று அழுது உடலைப் பின்னால் வளைத்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குதிகாலில் குத்தி எடுக்கும் தைராய்டு பரிசோதனையிலும் மணிக்கணக்கு உண்டு, ஆனால் போக்கு எதிர்த்திசை. அதில் பார்ப்பது டி.எஸ்.எச்., தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும். ஆனால் பிறந்த அரை மணியிலும் இது சட்டென உயர்ந்து, இரண்டு நாளில் இறங்கும். ஆகவே 48 மணிக்குப் பின் எடுத்த ரத்தத்தில் 20-க்கு மேல் இருந்தால்தான் மறுபரிசோதனை. 24 முதல் 48 மணிக்குள் எடுத்திருந்தால் அந்த எல்லை 34. முன்கூட்டி டிஸ்சார்ஜ் ஆன குழந்தைக்கு 30 என்று வந்து வீடே கலங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 40-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது; நரம்பில் ரத்தம் எடுத்து உறுதிசெய்து, மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும்.

இரண்டு ரிப்போர்ட்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தைராய்டு குறைந்தால் பிலிருபின் வெளியேறுவது மந்தமாகும். எனவே 14 நாள் கடந்தும் மஞ்சள் இருந்தால், அதுவரை பார்க்காத டி.எஸ்.எச்.-ஐயும் கேளுங்கள். தாய்ப்பாலாலும் மஞ்சள் நீடிக்கலாம், அது தீங்கற்றது. ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன், கல்லீரல் கரையும் பொருளாக்கிவிட்ட பகுதியான நேரடி பிலிருபினைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். மலம் வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால் பித்தக்குழாய் அடைப்பு இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். அந்த மலத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.