பருத்தியில் காய் கொட்டும்போது யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள்

ஐப்பசி மழை நான்கு நாள் பிடித்து வானம் மூடிக்கொண்டால், பருத்தி விவசாயிகளிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், சப்பையும் பிஞ்சும் கொட்டுது, என்ன டானிக் அடிக்கலாம்?" கொட்டிய பிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதற்குள் யூரியாவும் போட்டு, மருந்தும் அடித்து முடித்திருப்பார்கள். இந்த ஆண்டும் அதே கதை தொடர்வதால்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் பெரம்பலூர்ப் பகுதியில் நான் பார்த்த கரிசல் வயல் ஒன்றில், எழுபது நாள் வயதுடைய வீரிய ஒட்டுப் பருத்தி நெஞ்சளவு உயர்ந்து, பாருக்குப் பார் இடைவெளி தெரியாமல் மூடியிருந்தது. கீழே கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கி அறுத்துப் பார்த்தபோது துளையோ புழு எச்சமோ இல்லை. காம்பு ஒட்டியிருந்த இடம் சுத்தமாக விட்டுப் பிரிந்திருந்தது. காய்ப்புழு தாக்கிய சப்பையின் புல்லி இதழ்கள் விரிந்திருக்கும், அறுத்தால் துளை தெரியும். ஆகவே இங்கே பூச்சிமருந்துக்கு வேலையே இல்லை. கொட்டுவதைக் கண்டதும் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டதாக விவசாயி சொன்னார்.

பயிர் பலவீனமாக இருப்பதால்தான் காய் உதிர்கிறது, அதனால் உரம் கொடுத்தால் நிற்கும் என்ற நம்பிக்கை எப்படித்தான் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதோ! பருத்தி தான் வைக்கும் சப்பை, பூ, பிஞ்சுகளில் பாதிக்கு மேல் உதிர்ப்பது இயல்பே. பூத்த இரண்டு வாரத்துக்குள் உள்ள பிஞ்சைத்தான் செடி கைவிடும். அதைத் தாண்டிய காய் எளிதில் விழாது. அந்தப் பிஞ்சுக்கு வேண்டிய மாவுச்சத்தைப் பக்கத்து இலைதான் வெயிலில் தயாரிக்க வேண்டும். வானம் மூடியிருக்கும்போது தழைச்சத்தைக் கொட்டினால் செடி மேலே மேலே கொழுந்து விடும், புது இலைகள் கீழ்க் கிளைகளை நிழலாக்கும், நிழலில் உள்ள இலை பிஞ்சுக்கு ஊட்ட முடியாமல் போகும். உதிர்வதைத் தடுக்கப் போட்ட மூட்டையே உதிர்வைக் கூட்டிவிடுகிறது. அந்த வயலில் இருந்த தழைச்சத்து ஏற்கெனவே போதுமானது என்பதை, கரும்பச்சை இலையும் நீண்ட கணுவிடையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

காய் பிடிக்கும் பருவத்தில் பருத்தி அதிகமாகக் கேட்பது சாம்பல்சத்து. அதை அடியுரமாகக்கூடச் சரியாக இடாமல், தழைச்சத்தை மட்டும் மூன்று தவணையாகக் கொடுப்பவர்கள் ஏராளம். போரான் பற்றாக்குறையும் பிஞ்சை உதிர்க்கும். இலைக்காம்பில் கருமையான வளையங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் போராக்ஸ் வாங்க ஓட வேண்டாம்.

அடுத்தது வளர்ச்சி ஊக்கி. என்.ஏ.ஏ. எனப்படும் நாப்தலின் அசிட்டிக் அமிலம் பிஞ்சைச் செடியிலிருந்து கழற்றிவிடும் பிரிவு அடுக்கு காம்பில் உருவாவதைத் தள்ளிப்போடும். பிஞ்சுக்கு உணவு ஊட்டாது. பருத்திக்குப் பரிந்துரைக்கப்படும் அடர்த்தி 40 பி.பி.எம். கடையில் கிடைக்கும் 4.5 சதவீதக் கரைசலில் பத்து லிட்டர் டேங்குக்கு 9 மில்லி போதும். அந்த விவசாயி "நல்லா பிடிக்கட்டும்" என்று 50 மில்லி ஊற்றியிருந்தார். அது 225 பி.பி.எம். அளவு மிஞ்சினால் செடிக்குள் எத்திலீன் கூடி, இலை கீழ்நோக்கி வளைந்து, பிஞ்சு மேலும் உதிரும். மூடியால் அளக்காதீர்கள், அளவுக் குழாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்! மெபிகுவாட் குளோரைடு வேறு வகை: தழைத்து ஓடும் செடியின் கணுவிடையைக் குறுக்குவது அது. வறட்சியில் வாடி நிற்கும் மானாவாரிப் பயிருக்கு அதை அடித்தால், இருக்கிற வளர்ச்சியும் நின்றுவிடும்.

அந்த வயலில் முதலில் செய்யச் சொன்னது, தேங்கிய நீரை வடிப்பது. வேர் மூச்சுவிடாத மண்ணில் எந்தத் தெளிப்பும் பயன் தராது. நீர் வடிந்து வெயில் வந்த பிறகு, பத்து லிட்டருக்கு 200 கிராம் என்ற கணக்கில் சாம்பல்சத்து தரும் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கச் சொன்னேன். அதிலும் தழைச்சத்து உண்டே என்று கேட்பீர்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் போகும் தழைச்சத்து சுமார் அரை கிலோதான், ஒரு யூரியா மூட்டையிலோ சுமார் இருபது கிலோ. என்.ஏ.ஏ. மறுபடி அடிக்க வேண்டாம் என்றும், நுனிக் கொழுந்தை இருபதாம் கணுவில் கிள்ளிவிடவும் சொன்னேன். உதிர்ந்த காய் போனதுதான். அதற்குப் பின் பூத்தவற்றில் பிடிப்பு கண்ணுக்குத் தெரியும்படி மேம்பட்டது.

எனவே தயவுசெய்து, அடுத்த முறை காய் கொட்டினால் கடைக்குப் போகுமுன் பத்துப் பிஞ்சைப் பொறுக்கி அறுத்துப் பாருங்கள். என்னிடம் தொலைபேசியில் பேசும்போது துளை இருந்ததா இல்லையா, கடைசியாக யூரியா இட்டது எந்தத் தேதி, பாரில் தண்ணீர் நிற்கிறதா என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள்.