உங்கள் சரக்கு சிஎஃப்எஸ்ஸில் நிற்காமல் நேராகத் துறைமுகம் போக: சுய சீல், டிபிஇ, ஏஇஓ

வணக்கம்.

பொள்ளாச்சி, கரூர், திருப்பூர் பக்கமிருந்து தூத்துக்குடி வழியாக முழு கன்டெய்னர் அனுப்பும் சின்ன ஏற்றுமதியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதி கன்டெய்னர், கால் கன்டெய்னர் என்று மற்றவர்களோடு சேர்த்து அனுப்புபவர்களுக்கு இது இப்போதைக்குப் பயன்படாது. அந்தச் சரக்கு எப்படியும் சிஎஃப்எஸ் எனப்படும் சரக்கு நிலையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

பொள்ளாச்சியில் நார்த்தூள் கட்டி செய்யும் ஒருவருக்கு நடந்தது இது. ஏறத்தாழ 25 டன், 5 கிலோ கட்டிகளாக 5,000. லாரியில் ஏற்றி, சிஎஃப்எஸ்ஸில் இறக்கி, அங்கே கன்டெய்னரில் அடுக்கி, பிறகுதான் துறைமுகத்துக்கு நகர்த்த முடியும். லாரி வெள்ளி மாலை வந்து சேர்ந்தது. ஆள் கிடைக்கவில்லை, அப்புறம் மழை. சனி இரவு அடுக்கி முடித்தபோது கப்பல் கம்பெனி கொடுத்திருந்த கேட் நேரம் தாண்டிவிட்டது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. எல்சியில் எழுதியிருந்த கடைசி ஏற்றுமதித் தேதியை இரண்டு நாள் தாண்டியே சரக்கு ஏறியது. வங்கி முரண்பாட்டுக் கட்டணமாக 6,000 ரூபாய் பிடித்தது. வாங்குபவர், விலையில் 3 சதவீதம் குறைத்தால்தான் ஆவணத்தை ஏற்பேன் என்றார். 5,40,000 ரூபாய் சரக்கில் அது 16,200. ஆக 22,200 ரூபாய் போனது. அந்தத் தேதியைத் தவிர அவர் சரக்கிலும் ஆவணத்திலும் ஒரு குறையும் இல்லை.

அவர் அந்தக் கிடங்குக்குள் போயிருக்கவே தேவையில்லை. உங்கள் ஆலையிலேயே கன்டெய்னரை நிரப்பி, நீங்களே இ-சீல் என்ற மின்னணு முத்திரையைப் பூட்டி, நேராகத் துறைமுகத்துக்கு அனுப்பலாம். சீல் போடும் பகுதிக்குச் சுய சீல் என்றும், நேராக உள்ளே போகும் பகுதிக்கு டிபிஇ, அதாவது டைரக்ட் போர்ட் என்ட்ரி என்றும் பெயர். சுய சீல் 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் கலால் அதிகாரி ஆலைக்கு வந்து, பார்த்து, சீல் வைக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. சிஎஃப்எஸ் பில் எங்களைப் போன்ற கஸ்டம்ஸ் முகவர்கள் வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது. நாங்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். அதே நார்த்தூள்காரருக்கு சிஎஃப்எஸ் வழியில் லாரி வாடகை 24,000, சிஎஃப்எஸ் கட்டணமும் கூலியும் 13,800, மொத்தம் 37,800. ஆலையில் நிரப்பும் வழியில், காலி கன்டெய்னரைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்து நிரப்பித் திரும்ப எடுத்துப்போக டிரெய்லர் வாடகை 33,000, இ-சீல் 400, டிபிஇ கட்டணம் 1,500, மொத்தம் 34,900. மிச்சம் 2,900 ரூபாய்தான். அவருடைய ஆட்களே ஏற்றியதால் கூலியைச் சேர்க்கவில்லை. உங்கள் ஊர் தூரத்தைப் பொறுத்து இந்த மிச்சம் கூடும், சில சமயம் ஒன்றுமே இருக்காது. உங்கள் கடைசி மூன்று பில்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், மேலே சொன்ன 22,200 ரூபாய் மறுபடி வராமல் இருப்பதற்காகவும், கட்டிகள் இரண்டு முறை கை மாறி உடையாமல் இருப்பதற்காகவும் இதைச் செய்யலாம்.

சரி, அனுமதி வாங்குவது எப்படி. இங்கேதான் அலைக்கழிப்பு ஆரம்பிக்கும்.

விண்ணப்பம் தூத்துக்குடியில் கொடுக்கக் கூடாது. உங்கள் ஆலை எந்தக் கஸ்டம்ஸ் ஆணையரகத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே கொடுக்க வேண்டும். ஒருவர் துறைமுகத்துக்கும் ஊருக்குமாக ஐந்து வாரம் அலைந்தார். இந்த அலுவலகம் அங்கே போ என்றது, அது ஜிஎஸ்டி அலுவலகத்தில் கேள் என்றது, ஜிஎஸ்டி அலுவலகம் இது எங்கள் வேலையே இல்லை என்றது. ஜிஎஸ்டி அலுவலகம் சொன்னது சரிதான். இது கஸ்டம்ஸ் வேலை. முதல் கன்டெய்னர் கிளம்பும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் ஆலைக்கு வந்து, கன்டெய்னர் நிறுத்தி நிரப்ப இடம் இருக்கிறதா என்று பார்த்து, 48 மணி நேரத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. நடைமுறையில் அது இழுக்கும். ஆகவே கடிதத்தைக் கொடுத்த அன்றே ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்ட நகல் கையில் இருந்தால்தான் பிறகு மேலதிகாரியிடம் பேச முடியும். கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் போனதற்கே சாட்சி இல்லை.

அனுமதி ஒருமுறை கிடைத்தால், திரும்பப் பெறும் வரை செல்லும். தூத்துக்குடிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டாம், எல்லாக் கஸ்டம்ஸ் நிலையங்களுக்கும் அதே அனுமதி. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் நிரப்பும் இடம் மாறினால் புது அனுமதி வேண்டும். பக்கத்துத் தெருவில் புதுக் கொட்டகை போட்டு அங்கே நிரப்பினாலும் மாறியதாகத்தான் கணக்கு.

சீல் போடும் நாளில் வரிசை முக்கியம். முதலில் ஷிப்பிங் பில் போட வேண்டும், பிறகுதான் சீல். சீல் எண், ஷிப்பிங் பில் எண், கன்டெய்னர் எண், வண்டி எண், சீல் போட்ட தேதி, நேரம் எல்லாம் சீல் விற்ற நிறுவனத்தின் தளத்தில் ஏற வேண்டும். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஆள் சீலைக் கருவியால் படித்ததும் இந்த விவரம்தான் அவர் முன்னால் வரும். ஓர் எண் தப்பினாலும் வண்டி ஓரமாக நிற்கும். வழியில் டிரெய்லர் பழுதாகி வேறு வண்டி இழுத்தால், புது வண்டி எண்ணை உடனே தளத்தில் மாற்றச் சொல்லுங்கள். இதில் மாட்டியவர்கள்தான் அதிகம். பூட்டிய சீல், கன்டெய்னர் எண், வண்டி எண் மூன்றும் தெரிகிற மாதிரி கதவருகே நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நார்த்தூள், மரப் பெட்டி அனுப்புபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. புகையூட்டல், அதாவது ஃபியூமிகேஷன், தேவைப்படும் சரக்கை வழக்கமாக சிஎஃப்எஸ்ஸில் வைத்தே செய்துவிடுவோம். ஆலையில் சீல் போட்ட பிறகு அதற்காகக் கதவைத் திறந்தால் சீல் உடைந்தது, எல்லாம் போயிற்று. புகையூட்டலும் தாவரச் சுகாதாரச் சான்றுக்கான சோதனையும் சீலுக்கு முன்பே, ஆலையிலேயே முடிய வேண்டும். அதற்கு இரண்டு நாள் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அப்புறம், சீல் போட்டுவிட்டால் சோதனையே இல்லை என்று நினைக்க வேண்டாம். கஸ்டம்ஸ் கணினி எந்த ஷிப்பிங் பில்லையும் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தால் திறந்துதான் பார்ப்பார்கள். அந்த வாய்ப்பைக் குறைப்பதற்குத்தான், நம்பகமானவர் என்று ஏற்று கஸ்டம்ஸ் கொடுக்கும் ஏஇஓ டி1 என்ற சான்று.

ஏஇஓ என்றால் பெரிய கம்பெனிகளுக்கானது என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். மற்றவர்களுக்கு ஆண்டில் 25 கஸ்டம்ஸ் ஆவணம், மூன்று வருட வியாபாரம் வேண்டும். சிறு தொழில் பதிவு உள்ளவர்களுக்கு 2020 டிசம்பரில் இதைத் தளர்த்தினார்கள்: 10 ஆவணம், இரண்டு வருட வியாபாரம் போதும். கட்டணம் கிடையாது. விண்ணப்பம் aeoindia.gov.in தளத்தில். டி1 நிலைக்கு ஆலையை வந்து பார்ப்பதும் இல்லை, காகிதத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். இதற்கு ஐம்பதாயிரம், லட்சம் என்று கேட்கும் ஆலோசகர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அந்த 10 ஆவணத்தில்தான் பொறி இருக்கிறது. ஒவ்வோர் அரையாண்டிலும் குறைந்தது 5 இருக்க வேண்டும். நார்த்தூள்காரருக்கு மொத்தம் 14 ஷிப்பிங் பில் இருந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 10, அக்டோபர் முதல் மார்ச் வரை 4. வடகிழக்குப் பருவமழையில் நார்த்தூள் காயாது, ஏற்றுமதி குறையும். 14 இருந்தும் தகுதி இல்லை. அதில் மனதைச் சுட்டது என்னவென்றால், பிப்ரவரியில் அவர் ஒரே வாங்குபவருக்கு இரண்டு கன்டெய்னரை ஒரே ஷிப்பிங் பில்லில் அனுப்பியிருந்தார். இரண்டு தனி இன்வாய்ஸ், இரண்டு தனி ஆர்டர். இரண்டு பில்லாகப் போட்டிருந்தால் 5 ஆகியிருக்கும். வேலை மிச்சம் என்று ஒன்றாகப் போட்டது நாங்கள்தான், அவர் இல்லை. இப்போது தனி ஆர்டரைத் தனி பில்லாகவே போடுகிறோம். எண்ணிக்கைக்காக ஓர் ஆர்டரை உடைக்கச் சொல்லவில்லை, அது தப்பாகப் போகும்.

இன்னொன்று, உங்கள் சரக்கு வேறொரு வியாபாரியின் ஐஇசி எண்ணில் போனால் அந்த பில் உங்கள் கணக்கில் வராது. வருடத்தில் பாதியை அப்படி அனுப்பிவிட்டு 20 கன்டெய்னர் அனுப்பினேன் என்று சொல்லிப் பயனில்லை. உத்யம் பதிவில், ஐஇசியில், ஜிஎஸ்டியில் பெயரும் முகவரியும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதல். ஐஇசியை ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில், மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும், டிஜிஎஃப்டி தளத்தில் உறுதிப்படுத்துங்கள். அதற்குக் கட்டணமில்லை. விட்டுவிட்டால் எண் செயலிழந்து ஷிப்பிங் பில்லே போட முடியாமல் போகும், கன்டெய்னர் நிரம்பிய பிறகுதான் அது தெரியவரும்.

இந்த மெயிலுக்குப் பதிலாக மூன்று விஷயம் மட்டும் அனுப்புங்கள்: போன நிதியாண்டில் உங்கள் ஐஇசியில் போன ஷிப்பிங் பில்களின் தேதிகள், ஆலை வாசலில் 40 அடி டிரெய்லர் திரும்ப இடம் இருக்கிறதா, உங்கள் சரக்குக்குப் புகையூட்டல் தேவையா. அதைப் பார்த்துவிட்டு உங்களுக்கு இது ஒத்துவருமா வராதா என்று நேராகச் சொல்கிறேன். ஏஇஓ விண்ணப்பத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றால் செய்கிறேன், அதற்குத் தனிக் கட்டணம் வாங்க மாட்டேன்.