‘தோல்வியடைந்தது’ என்று எழுதும் முன், பணம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

செயலிகளின் திரையில் வரும் சின்னச் சின்ன வாசகங்களை எழுதுவதுதான் என் வேலை. பொத்தானில் என்ன இருக்க வேண்டும், படிவத்தின் கீழே என்ன குறிப்பு வர வேண்டும் என்பதெல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது பிழைச் செய்திகள்தான். அப்படி ஒரே ஒரு செய்தியைத் திருத்தப் போய், அது ஏறக்குறைய மூன்று வாரம் இழுத்த கதையை இங்கே சொல்கிறேன். பிழைச் செய்தியில் எதெல்லாம் கெட்டுப்போக முடியுமோ அதெல்லாம் அந்த ஒன்றிலேயே இருந்தது.

கட்டணம் செலுத்தும் ஒரு செயலி. ‘செலுத்து’ என்பதை அழுத்தியதும் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றும். சில சமயம் அப்படியே சுற்றிச் சுற்றி, கடைசியில் சிவப்பு நிறத்தில் இது வரும்:

```
Error 504: Gateway Timeout
பரிவர்த்தனை தோல்வியடைந்தது.
இணைய இணைப்பைச் சரிபார்த்து மீண்டும் முயற்சிக்கவும்.
[மீண்டும் முயற்சி]
```

“மக்களுக்குப் புரியவில்லையாம், கொஞ்சம் எளிமையாக எழுதிக் கொடுங்கள்” என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்கள். நான் முதலில் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளைக் கேட்க உட்கார்ந்தேன். (எந்தப் பிழைச் செய்தியையும் தொடும் முன் இதைச் செய்துவிடுங்கள், ஒரு மணி நேரம் கேட்டாலே போதும்.) அழைத்தவர்களில் கோபமாகப் பேசியவர்களைவிட, தயங்கித் தயங்கிப் பேசியவர்கள்தான் என்னை அதிகம் உலுக்கினார்கள். “நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல, மன்னிச்சுக்கோங்க, மூணு தடவை பணம் போயிடுச்சு” என்று ஒரு வயதான அம்மா சொன்னார். அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. திரை என்ன சொன்னதோ அதைத்தான் செய்தார். தோல்வி என்றது, நம்பினார். மீண்டும் முயற்சி என்றது, முயன்றார்.

அப்புறம் டெவலப்பரிடம் போய், இந்த 504 எப்போது வருகிறது, அந்த நேரத்தில் பணம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். பணம் செலுத்தும்போது கைபேசி நம் சர்வரிடம் பேசுகிறது, நம் சர்வர் பணப் பரிமாற்ற நிறுவனத்திடம் பேசுகிறது, அது வங்கியிடம் பேசுகிறது. நம் சர்வர் 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை என்றால் காத்திருப்பதை விட்டுவிட்டு 504 என்று சொல்லிவிடும். அந்த எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவுதான்: இடையில் இருக்கும் சர்வர் தனக்கு அடுத்த சர்வரிடம் கேட்டது, உரிய நேரத்தில் பதில் கிடைக்கவில்லை.

பதில் வரவில்லை என்பது வேறு, பணம் போகவில்லை என்பது வேறு. கோரிக்கை வங்கிக்கே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, பணமும் எடுக்கப்பட்டு, ‘எடுத்தாயிற்று’ என்ற பதில் மட்டும் 31-வது விநாடியில் வந்திருக்கலாம். இன்னும் நடந்துகொண்டே இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று அந்த நொடியில் நமக்கே தெரியாது. தெரியாத ஒன்றை ‘தோல்வி’ என்று அடித்துச் சொல்லியிருந்தோம். ஆக, இந்தச் செய்தி புரியவில்லை என்பது இரண்டாவது பிரச்சினைதான். சொன்ன விஷயமே உண்மையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 504 என்ற பதில் திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றாலே, அந்தக் கைபேசி நம் சர்வர் வரை போய்ப் பதிலை வாங்கி வந்திருக்கிறது, அதாவது அவருடைய இணைய இணைப்பு வேலை செய்திருக்கிறது. அப்படியிருக்க ‘இணைய இணைப்பைச் சரிபார்’ என்று ஏன் எழுதினோம்? யாரோ எப்போதோ எல்லாப் பிழைக்கும் பொதுவாக எழுதி வைத்த வரி அது. 4-இல் தொடங்கும் எண்கள் வந்த கோரிக்கையில் கோளாறு என்று சொல்பவை, 5-இல் தொடங்குபவை சர்வர் பக்கக் கோளாறு என்று சொல்பவை. இந்தச் சின்ன விஷயத்தைப் பார்த்திருந்தாலே, நம் பக்கத்துத் தாமதத்துக்கு அந்த அம்மாவின் கைபேசியைக் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

சரி, எழுத உட்கார்ந்தேன். அதற்குள் குழுவில் ஒருவர் ‘அச்சச்சோ! ஏதோ தவறாகிவிட்டது’ என்று எழுதி, கூடவே சோகமான ஒரு பொம்மைப் படத்தையும் போட்டுக் காட்டினார். எனக்கு இந்த நடை பணம் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் பிடிக்காது. பணம் போய்விட்டதோ என்று ஒருவர் பதறும்போது நாம் செல்லம் கொஞ்சுவது அவரை அவமதிப்பதுதான். அடுத்து, ‘கவலைப்பட வேண்டாம், உங்கள் பணம் பாதுகாப்பாக இருக்கிறது’ என்று நானே எழுதிப் பார்த்தேன். அதையும் அடித்துவிட்டேன். கவலைப்படாதே என்று சொன்னால் யாருக்கும் கவலை போவதில்லை, சொல்லாதவரைக்கும் இல்லாத கவலைகூட வந்துவிடும். அதோடு, பணம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது பாதுகாப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மனதை அமைதிப்படுத்துவது ஆறுதல் வார்த்தை இல்லை. என்ன ஆயிற்று, நான் இப்போது என்ன செய்ய வேண்டும், எப்போது தெரியும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மனிதர்கள் தானாகவே அமைதியாகிவிடுகிறார்கள்.

கடைசியில் திரைக்குப் போனது இது:

```
பணம் சேர்ந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை
வங்கியிடமிருந்து எங்களுக்குப் பதில் வரத் தாமதமாகிறது.
இப்போது மறுபடியும் செலுத்த வேண்டாம்.
நாங்கள் சரிபார்த்து, 30 நிமிடத்துக்குள் இங்கேயே முடிவைத் தெரிவிக்கிறோம்.
செயலியை மூடினாலும் பரவாயில்லை.
[நிலையைப் பார்க்க]
உதவிக்கு அழைத்தால் சொல்ல வேண்டிய எண்: 7K4-29H
```

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. ‘தோல்வி’ என்ற சொல் போய்விட்டது, ஆனால் அதை மென்மையாக்குவதற்காக எடுக்கவில்லை, உண்மையில்லை என்பதால் எடுத்தேன். உண்மையிலேயே வங்கி மறுத்துவிட்டால் ‘பணம் செலுத்தப்படவில்லை’ என்று நேராகத்தான் சொல்ல வேண்டும், அங்கே மழுப்பினால் அதுவும் ஏமாற்றுதான்.

பழி சொல்லாமல் எழுதுவது என்றால் எல்லாவற்றையும் செயப்பாட்டு வினைக்கு மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். ‘பிழை கண்டறியப்பட்டுள்ளது’, ‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்றெல்லாம் எழுதினால் யார் செய்தது என்பதே மறைந்துவிடும், மறைந்த இடத்தில் படிப்பவர் தன்னைத்தான் வைத்துக்கொள்வார். அதனால்தான் ‘எங்களுக்குப் பதில் வரத் தாமதமாகிறது’, ‘நாங்கள் சரிபார்த்து’ என்று எங்களை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தேன். பயனர் உண்மையிலேயே தவறாக எதையாவது தட்டியிருந்தால்? அப்போதும் ‘தவறான தேதியை உள்ளிட்டுள்ளீர்கள்’ என்று ஆளைக் காட்ட வேண்டியதில்லை. ‘இந்தத் தேதிப்படி அட்டையின் காலம் முடிந்துவிட்டது. அட்டையில் உள்ள மாதத்தையும் ஆண்டையும் ஒருமுறை பாருங்கள்’ என்றால் அட்டையின் காலம் வாக்கியத்தின் எழுவாயாகிவிடுகிறது, மனிதர் தப்பித்துவிடுகிறார். என் கணக்கு எளிமையானது: கெட்டுப்போனதைச் சொல்லும் வாக்கியத்தில் ‘நீங்கள்’ வேண்டாம், அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியத்தில் தாராளமாக வரட்டும்.

504 என்ற எண்ணை மக்கள் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் பதிவேட்டில் அது இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் கீழே ஒரு குறிப்பு எண். அதை ஒருவர் ஃபோனில் வாசித்துச் சொல்ல வேண்டும், எனவே குட்டையாக இருக்க வேண்டும், O-வா பூஜ்யமா, I-யா ஒன்றா என்ற குழப்பம் வரும் எழுத்துகள் அதில் இருக்கக் கூடாது.

‘30 நிமிடம்’ என்பதில்தான் நிஜமான வேலை ஆரம்பித்தது. எழுதிவிட்டால் ஆயிற்றா, செயலி அதைச் செய்ய வேண்டுமே! நிலுவையில் உள்ள பரிமாற்றங்களை விசாரிக்கும் நிரல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்றார் டெவலப்பர், சரி, இரண்டு முறை ஓட இடம் விட்டு 30 என்று வைத்துக்கொண்டோம். அப்போதும் முடிவு தெரியவில்லை என்றால் என்ன காட்டுவது என்று அதற்கும் ஒரு செய்தி எழுதினோம். அப்புறம், ‘மறுபடியும் செலுத்த வேண்டாம்’ என்று நாம் சொன்னாலும் சிலர் அழுத்தத்தான் செய்வார்கள். முன்பு ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது அடையாள எண் போனதால் வங்கிக்கு அது புதுப் பணமாகவே தெரிந்தது. இப்போது ஒரே கட்டணத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரே அடையாள எண் போகும்படி மாற்றினார்கள், அந்தப் பக்கம் அதை ஒரே கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும். இது எழுத்தாளர் வேலை இல்லைதான், ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அழகான வாசகத்துக்குக் கீழே பழைய ஆபத்து அப்படியே இருந்திருக்கும்.

வாசகம் மாறியும் திரை மாறவில்லை என்றால் பயனில்லை. முதல் சோதனையில் சிவப்புப் பெருக்கல் குறியை எடுக்க மறந்துவிட்டோம். ஐந்து பேரிடம் திரையைக் காட்டி, சில விநாடியில் மறைத்துவிட்டு, “இப்போ பணம் போயிருக்கா? நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். ‘புரிந்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மூன்று பேர் “போகலை, திரும்பக் கட்டுவேன்” என்றார்கள். நான் எழுதியதை அவர்கள் படிக்கவே இல்லை, சிவப்பைப் பார்த்தார்கள், முடிவு செய்துவிட்டார்கள். குறியைக் கடிகாரமாகவும் நிறத்தை மஞ்சளாகவும் மாற்றிய பிறகுதான் தலைப்பு வரி அவர்கள் கண்ணில் பட்டது.

வெளியிட்ட பிறகும் பணம் இரண்டு முறை போனது பற்றிய அழைப்பு ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று தேடினால், அவர்கள் செய்தியைப் படித்தார்கள், நாம் சொன்னபடியே செயலியை மூடினார்கள், பத்து நிமிடம் கழித்துத் திறந்தார்கள். முகப்புப் பக்கத்தில் அதே கட்டணத்துக்கு நேராக ‘செலுத்தவில்லை’ என்று இருந்தது, பக்கத்திலேயே ‘செலுத்து’ பொத்தான். அங்கிருந்து தொடங்கினால் செயலி அதைப் புதுக் கட்டணமாக எடுத்துக்கொண்டு புது அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டது. அந்தச் சொல்லை ‘சரிபார்க்கப்படுகிறது’ என்று மாற்றி, முடிவு வரும்வரை பொத்தானை எடுத்துவிட்டோம்.